லேபிள் அச்சுக்குப் போகும் முன் மூன்று கொள்கைகள்: எதற்காக நாம் பணம் இழக்கத் தயார்?

செக்கடி_கலா

எல்லோருக்கும் வணக்கம். தாராபுரம் பக்கம் நானும் என் கொழுந்தனாரும் சேர்ந்து மரச்செக்கு எண்ணெய் ஆட்டி விற்கிறோம். இரண்டு செக்கு. ஒன்று கடலைக்கு, இன்னொன்று எள்ளுக்கு. இதுவரை தெரிந்தவர்களுக்கும் நான்கைந்து கடைகளுக்கும் கேனில் கொடுத்துக்கொண்டிருந்தோம். இப்போது பெயர் பதிவு செய்து, பாட்டிலில் லேபிள் ஒட்டி விற்கப்போகிறோம்.

லேபிள் வடிவமைக்கும் தம்பி, "உங்கள் பிராண்டின் மூன்று கொள்கைகளைச் சொல்லுங்கள், அதை வைத்துத்தான் எல்லாம்" என்றார். வீட்டில் உட்கார்ந்து எழுதியது இது: தூய்மை, பாரம்பரியம், விவசாயிக்கு நியாய விலை. மூன்றாவது கொழுந்தனாருடையது, அதில் அவர் பிடிவாதமாக இருக்கிறார்.

எழுதி முடித்த பிறகு எனக்கு ஒரு உறுத்தல். எங்கள் தெருவில் இன்னும் இரண்டு செக்கு இருக்கிறது. அவர்களைக் கேட்டாலும் இதே மூன்றைத்தான் சொல்வார்கள். அப்படியானால் இதை எப்படிச் சோதிப்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

லேபிள்_ரேவதி

கலா மேடம், முதலில் ஒன்று. "தூய்மை", "பாரம்பரியம்" இரண்டையும் பாட்டிலில் அப்படியே போட்டுவிடாதீர்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2018-ல் கொண்டுவந்த விளம்பரம், உரிமைகோரல் விதிமுறைகளில் சுத்தமான, இயற்கையான, பாரம்பரியமான, அசலான போன்ற சொற்களை எப்போது பயன்படுத்தலாம் என்பதற்குத் தனியாக நிபந்தனைகள் இருக்கின்றன. 2024-ல் பழச்சாறு கம்பெனிகளையும் "100% பழச்சாறு" என்று போடுவதை நிறுத்தச் சொன்னார்கள். அச்சடித்து வந்த பிறகு லேபிளைக் கிழித்தால் செலவு உங்களுக்குத்தான். எந்த மூன்று சொற்கள் சட்டப்படி பாதுகாப்பானவை என்று வேண்டுமானால் ஒரு பட்டியல் தருகிறேன்.

செக்கடி_கலா

நன்றி ரேவதி, இது தெரியாமல் இருந்தது. ஆனால் நான் கேட்பது லேபிளில் எந்தச் சொல் என்பதில்லை. கடையை எதை வைத்து நடத்துவது என்பதுதான். சொல் அச்சில் வராமல் போனாலும் பரவாயில்லை.

விளம்பர_அருண்

கலா அக்கா, நான் சென்னையில் பிராண்டிங் வேலை செய்கிறேன். இதைப் பலருக்கும் செய்து கொடுத்திருக்கிறேன். எளிய வழி ஒன்று இருக்கிறது. நீங்கள் எழுதிய ஒவ்வொரு கொள்கைக்கும் எதிரானதை எழுதிப் பாருங்கள். அந்த எதிரானதை ஒரு நல்ல வியாபாரி தேர்ந்தெடுப்பாரா? "தூய்மை"க்கு எதிர் கலப்படம். அதை யாரும் தன் கொள்கை என்று சொல்லமாட்டார்கள். ஆக அது உங்களைத் தனித்துக் காட்டாது. அதைத் தூக்கிவிட்டு, வாடிக்கையாளர்கள் 50 பேரிடம் எங்களிடம் என்ன பிடிக்கும் என்று கேளுங்கள். அதிகம் பேர் சொல்கிற மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

பணம் இழப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நேர்மை கடைசியில் லாபம்தான் தரும். 1982-ல் சிகாகோவில் டைலனால் மாத்திரையில் யாரோ சயனைடு கலந்து 7 பேர் இறந்தபோது, ஜான்சன் அண்ட் ஜான்சன் 3 கோடிக்கும் மேற்பட்ட பாட்டில்களைத் திரும்பப் பெற்றது. பிறகு சந்தையை மீண்டும் பிடித்தார்கள். கொள்கை அவர்களுக்குச் சம்பாதித்துத்தான் கொடுத்தது.

மாரியப்பன்_ஈரோடு

அருண் தம்பி சொன்னதில் முதல் பாதி சரி. எதிரானதை எழுதிப் பார்ப்பது நல்ல சோதனை, நானும் அதில்தான் தொடங்குவேன். மற்ற பாதியை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

டைலனால் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பப் பெற ஆன செலவு சுமார் 10 கோடி டாலர். அந்த முடிவை எடுத்த வாரத்தில் சந்தை திரும்ப வரும் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பெயரோடு மாத்திரை இனி விற்காது என்று பேசியவர்களும் இருந்தார்கள். தங்கள் பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கே முதல் பொறுப்பு என்று அந்தக் கம்பெனி எழுதி வைத்தது 1943-ல். அது சோதனைக்கு வந்தது 39 ஆண்டுகள் கழித்து. லாபம் வரும் என்று உறுதியாகத் தெரிந்து செய்தால் அது கணக்கு, அதற்குக் கொள்கை தேவையில்லை. கணக்கு கைவிடுகிற இடத்தில்தான் கொள்கைக்கு வேலை.

50 பேரிடம் கேட்பதும் எனக்கு உடன்பாடில்லை. வாடிக்கையாளர் தனக்குக் கிடைப்பதைச் சொல்வார். நீங்கள் எதைக் கைவிடுவீர்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

நான் மசாலா தயாரிக்கும் ஒரு கம்பெனியில் கொள்முதல் பிரிவில் நீண்ட காலம் இருந்தேன். "தரமே முதல்" என்று வரவேற்பறையில் பெரிதாக எழுதியிருக்கும். ஆனால் கொள்முதல் அதிகாரிக்கு ஆண்டு இறுதியில் ஊக்கத்தொகை எதற்கு என்றால், மிளகாயைச் சந்தை சராசரியைவிட எத்தனை ரூபாய் குறைத்து வாங்கினார் என்பதற்கு. ஈரம் அதிகமாக இருக்கிறது என்று லாரியைத் திருப்பி அனுப்பினால், மாற்றுச் சரக்கை அன்றைய கூடுதல் விலையில் வாங்க வேண்டும், அவருடைய ஊக்கத்தொகை குறையும். அதனால் லாரி உள்ளே வந்துகொண்டே இருந்தது. அங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை. கொள்கைக்கென்று யாரும் பணம் ஒதுக்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் கலாம்மா, ஒவ்வொரு கொள்கைக்கும் கீழே ஒரு காட்சியை எழுதுங்கள். எந்த மாதம், யார் முன்னால் நிற்கிறார், என்ன கேட்கிறார், மறுத்தால் எத்தனை ரூபாய் போகும், அந்த ரூபாய் எங்கிருந்து வரும், அந்த நேரத்தில் செக்கடியில் யார் இருப்பார். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் வேலையாள் தனியாக முடிவெடுக்க முடியாத கொள்கை சுவரோடு நின்றுவிடும். உங்கள் கணக்கைப் போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.

செக்கடி_கலா

போட்டுவிட்டேன் அண்ணா. கடலை எண்ணெய் மட்டும்.

மாதம் சுமார் 450 லிட்டர். ஒரு லிட்டருக்கு இரண்டரைக் கிலோ பருப்பு. கிலோ 130 என்றால் 325 ரூபாய். ஒன்றரைக் கிலோ புண்ணாக்கு வருகிறது, 60 ரூபாய்க்குப் போகும். கூலி, கரண்ட், பாட்டில், வண்டி எல்லாம் 45. ஆக அடக்கம் 310, விற்பது 380. கையில் நிற்பது 70. மாதம் 31,500.

"தூய்மை"க்கு என்ன காட்சி என்று யோசித்தேன். பாமாயில் கலக்கச் சொல்லி யாரும் எங்களிடம் வந்து கேட்கப்போவதில்லை. அதனால் எழுத ஒன்றும் இல்லை.

மாரியப்பன்_ஈரோடு

கலக்காமல் இருப்பது சட்டம் அம்மா. கடை திறக்கவே அது வேண்டும். அதை மூன்றில் ஒன்றாக எண்ணினால் ஒரு இடம் வீண்.

ஆனால் உங்கள் தொழிலில் தூய்மைக்கு உண்மையான காட்சி ஒன்று இருக்கிறது. அது கடலைப் பருப்பில் இருக்கிறது. அறுவடை நேரத்தில் மழை பிடித்து, சரியாகக் காயாமல் மூட்டை கட்டிய கடலையில் பூஞ்சை வரும், அதிலிருந்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு வரும். ரீஃபைன்ட் எண்ணெயில் காரக் கரைசல் சேர்த்து வெளுக்கும் கட்டத்தில் அது பெரும்பாலும் போய்விடும். செக்கு எண்ணெயில் அந்தக் கட்டமே கிடையாது. நீங்கள் வெயிலில் தெளிய வைத்து ஊற்றுகிறீர்கள். அதனால் செக்குக்காரருக்கு இருக்கும் ஒரே காவல் பருப்புதான்.

இப்போது காட்சி: ஐப்பசி மாதம், ஒரு டன் பருப்பு வந்து இறங்கிவிட்டது, வியாபாரிக்கு 1,30,000 கொடுத்தாயிற்று. மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினீர்கள், வரம்பைத் தாண்டியிருக்கிறது என்று அறிக்கை வருகிறது. ஆட்டி ஊற்றினால் வாசனையிலோ நிறத்திலோ எந்த வாடிக்கையாளருக்கும் தெரியாது. என்ன செய்வீர்கள்?

செக்கடி_கலா

ஆட்டமாட்டோம். ஆனால் வியாபாரி திரும்ப எடுக்கமாட்டார். பெரிய எண்ணெய் மில்லுக்குக் கொடுத்தால் கிலோ 95-க்கு எடுப்பார்கள். 35,000 போகும், ஒரு மாத லாபத்தைவிட அதிகம். இதுவரை நாங்கள் மாதிரி அனுப்பியதில்லை. கையால் பொறுக்கி, சுருங்கினதையும் கறுத்ததையும் எடுத்துவிடுவோம்.

மாரியப்பன்_ஈரோடு

கையால் பொறுக்குவதை நிறுத்தாதீர்கள், நஞ்சில் பெரும்பங்கு அந்தச் சில கெட்ட பருப்புகளில்தான் இருக்கும். ஆனால் பார்வைக்கு நன்றாக இருக்கும் பருப்பிலும் வரலாம், அதனால் சோதனை தேவை.

35,000 என்பது இப்போது ஒரு பயம். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மாதச் செலவாக மாற்றிவிடலாம். வியாபாரியிடம் பேசுங்கள்: சரக்கு இறங்கும்போது எண்பது சதவீதம், அறிக்கை வந்த பிறகு மீதி, தவறினால் அவரே எடுத்துக்கொள்ள வேண்டும். சும்மா ஒப்புக்கொள்ளமாட்டார், கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடுதலாகக் கேட்பார். கொடுங்கள். மாதம் 1,125 கிலோவுக்கு 2,250. சோதனைக்கு 2,500 என்று வையுங்கள், உங்கள் ஊரில் விசாரித்துக்கொள்ளுங்கள். மொத்தம் 4,750. லிட்டருக்குப் பத்தரை ரூபாய். விலையை 390 ஆக்குங்கள், அல்லது லாபத்தை 60 ஆக்கிக்கொள்ளுங்கள்.

ஒரு மாதிரி முழு டன்னுக்கும் சாட்சி ஆகாது என்பதையும் நினைவில் வையுங்கள். பூஞ்சை மூட்டைக்கு மூட்டை மாறும். பல மூட்டைகளில் குத்தி எடுத்து, கலந்து, அதிலிருந்து மாதிரி எடுத்தால்தான் சோதனைக்கு அர்த்தம்.

எதிர் சோதனையிலும் இது தேறும். "நன்றாகக் காய்ந்த பருப்பு வாங்குகிறேன், கையால் பொறுக்குகிறேன், அது போதும், விலையைக் குறைத்து விற்கிறேன்" என்று இன்னொரு நேர்மையான செக்குக்காரர் சொல்லலாம். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. நீங்கள் வேறு வழியில் போகிறீர்கள்.

முத்துலட்சுமி_மாடுவளர்ப்பு

நடுவில் பேசுவதற்கு மன்னியுங்கள். நான் எண்ணெய் வியாபாரி இல்லை, நான்கு கறவை மாடு வைத்திருக்கிறேன், புண்ணாக்கு வாங்குகிறவள். கலா, அந்தக் கெட்ட டன்னை மில்லுக்குக் கொடுப்பேன் என்றீர்களே. மில்லில் எண்ணெயைச் சுத்திகரித்துவிடுவார்கள், சரி. புண்ணாக்கு எங்கே போகும்? அந்த நஞ்சில் பெரும்பகுதி எண்ணெயில் வருவதைவிடப் புண்ணாக்கில்தான் தங்கும். அதை மாடு தின்றால் பாலில் இறங்கும். எங்கள் சங்கத்தில் கால்நடை மருத்துவர் இதைச் சொல்லித்தான் பூசணம் பிடித்த புண்ணாக்கு வாங்காதே என்கிறார்.

உங்கள் பாட்டில் சுத்தம், என் மாட்டுத் தீவனம் அசுத்தம் என்றால் அதற்குப் பெயர் தூய்மையா? 35,000 இழப்பு என்று கணக்குப் போடும்போது எங்களையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செக்கடி_கலா

இதை நான் யோசிக்கவே இல்லை அக்கா.

விளம்பர_அருண்

முத்துலட்சுமி அம்மா சொல்வது நியாயம். ஆனால் நடைமுறையில் எங்கே நிறுத்துவது? மில்காரர் தன் சரக்கைச் சோதிக்க வேண்டியது அவர் பொறுப்பு. அறிக்கையைக் காட்டி, தெரிந்தே வாங்குகிறவருக்கு விற்றால் கலா அக்காவின் கடமை முடிந்தது என்று நினைக்கிறேன். ஒரு டன்னையும் புதைத்தால் 1,30,000 போய்விடும். இரண்டு முறை நடந்தால் கடையையே மூட வேண்டும்.

முத்துலட்சுமி_மாடுவளர்ப்பு

அறிக்கையைக் காட்டி விற்கட்டும், அதுவாவது நடக்கட்டும். ஆனால் அறிக்கையோடு வருகிற சரக்கை 95-க்கு எந்த மில்காரர் எடுப்பார்? கலா போட்ட 35,000 கணக்கே அறிக்கையை மறைத்து விற்றால்தான் வரும்.

மாரியப்பன்_ஈரோடு

முத்துலட்சுமியம்மா சரியான இடத்தில் கை வைத்தார்கள். இழப்பைக் கணக்கிடும்போது எல்லோரும் செய்வது இதுதான். கொள்கையைக் கடைப்பிடித்ததாகவும் இருக்க வேண்டும், பணம் பெரிதாகப் போகவும் கூடாது என்று நஷ்டத்தைச் சத்தமில்லாமல் அடுத்தவர் தலையில் இறக்கிவிடுவோம். அறிக்கையோடு விற்றால் என்ன விலை கிடைக்கும் என்பதுதான் உண்மையான எண். அதற்காகத்தான் எண்பதுக்கு இருபது ஒப்பந்தம் முக்கியம் என்கிறேன், பணம் முழுதாகக் கை மாறும் முன்பே சரக்கு நிற்கும். ஆனால் வியாபாரி அதைத் திரும்ப எடுத்துப்போய் வேறு யாரிடமாவது விற்பார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கொப்பரை_சிவா

நான் காங்கேயம். கொப்பரை வாங்கித் தேங்காய் எண்ணெய் ஆட்டுகிறேன். எனக்கு இதே பிரச்சினை சல்பரில். பூசணம் பிடிக்காமலும் வெள்ளையாகவும் இருக்க கந்தகப் புகை போடுகிறார்கள். நான் புகை போடாத கொப்பரை மட்டும் என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன். வெயில் காலத்தில் சிரமமில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வெயிலே இல்லை, புகை போடாத கொப்பரை கிடைப்பதே அரிது. போன வருடம் அந்த நேரத்தில் ஆட்டுவதை நிறுத்திவிட்டேன். ஆளுக்குச் சம்பளம் மட்டும் கொடுத்தேன். இரண்டு கடைகள் வேறு ஆளிடம் போய்விட்டன, ஒன்று திரும்பி வரவே இல்லை. இந்த வருடம் சித்திரை, வைகாசியிலேயே கூடுதலாக ஆட்டி வைக்கலாம் என்று பார்க்கிறேன். ஆனால் ஆறு மாதம் வைத்தால் காறல் வாடை வருமே என்று பயம். யாராவது வைத்துப் பார்த்திருக்கிறீர்களா?

மாரியப்பன்_ஈரோடு

சிவா, அதற்குத் தனி இழை போடுங்கள். எண்ணெயாக வைப்பதா, கொப்பரையாக வைப்பதா என்பதையே நிறையப் பேச வேண்டும். ஆனால் கலாம்மா, சிவா செய்ததைக் கவனியுங்கள். எந்த மாதத்தில் அடி விழும் என்று இப்போது அவருக்குத் தெரியும். தேதி தெரிந்தால் முன்கூட்டியே தயாராகலாம்.

செக்கடி_கலா

சரி, இரண்டாவதற்கு வருகிறேன். "பாரம்பரியம்" எதிர் சோதனையில் விழுந்துவிட்டது. எங்கள் செக்கே மோட்டாரில்தான் ஓடுகிறது, மாடு இல்லை. அதனால் அதை இப்படி மாற்றினேன்: "எங்கள் செக்கில் ஆட்டியதை மட்டுமே விற்போம்."

காட்சி: தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு. பரிசுப்பெட்டி விற்கும் ஒருவர் 600 லிட்டர் கேட்கிறார். கொடுத்தால் முழுதும் வேண்டும், இல்லையென்றால் ஒன்றும் வேண்டாம். கடலைச் செக்கு ஒரு நாளைக்கு 32 லிட்டர்தான் தரும், எள்ளுச் செக்கு அந்த நேரத்தில் நல்லெண்ணெய்க்கே போதாது. பத்து நாளில் 320. பற்றாக்குறை 280. இரும்பு இயந்திரத்தில் அழுத்தி எடுக்கும் எக்ஸ்பெல்லர் மில்லில் 250-க்குக் கிடைக்கும். வாங்கி ஊற்றினால் பாட்டில், கூலி போக லிட்டருக்கு 115 நிற்கும். 32,200 ரூபாய். அதை விடுகிறோம்.

மாரியப்பன்_ஈரோடு

இந்தக் காட்சி சரியில்லை அம்மா. மரச்செக்கு என்று எழுதிய பாட்டிலில் எக்ஸ்பெல்லர் எண்ணெயை ஊற்றினால் அது ஏமாற்று. அதைச் செய்யாததற்கு நமக்கு நாமே மாலை போட்டுக்கொள்ள முடியாது. பக்கத்துத் தெரு மரச்செக்குக்காரரிடம் 330-க்கு வாங்குவதாக எழுதுங்கள். அதுவும் மரச்செக்கு எண்ணெய்தான், தவறு ஒன்றும் இல்லை. அப்போது லிட்டருக்கு 35 நிற்கும், 280 லிட்டருக்கு 9,800. உங்கள் 320 லிட்டரை வழக்கமான வாடிக்கையாளருக்கே விற்றுவிடலாம், அதில் நஷ்டமில்லை. ஆக 9,800-ம், ஒரு பெரிய வாடிக்கையாளரும் போகும். அதை விடுவீர்களா? ஏன்?

செக்கடி_கலா

விடுவேன். ஏனென்றால் அவர் எந்தப் பருப்பை ஆட்டினார் என்று எனக்குத் தெரியாது, மாதிரி அனுப்பியிருக்கமாட்டார்.

எழுதும்போதே தெரிகிறது. அப்படியானால் இது தனிக் கொள்கை இல்லையே? முதல் கொள்கைதான் வேறு வடிவில் வந்திருக்கிறது. அவர் அறிக்கையோடு கொடுத்தால் வாங்கிக்கொள்வேன்.

மாரியப்பன்_ஈரோடு

ஆமாம், இரண்டும் ஒன்றாகிவிட்டது. "சோதித்த பருப்பு மட்டும், யார் ஆட்டினாலும் அதே விதி." அச்சுக்குப் போகும் முன் தெரிந்தது நல்லது. இரண்டும் தனித்தனியாகச் சுவரில் இருந்திருந்தால், தீபாவளி நேரத்தில் நீங்களும் கொழுந்தனாரும் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டிருப்பீர்கள்.

செக்கடி_கலா

மூன்றாவது அவருடையது. விவசாயியிடம் நேரடியாக, சந்தை விலைக்கு மேல் கிலோவுக்கு ஐந்து ரூபாய். அவரே கணக்குப் போட்டார். ஆண்டுக்குப் பதின்மூன்றரை டன் பருப்பு வேண்டும், உரித்தால் எழுபது சதவீதம் நிற்கும் என்று வைத்தால் பத்தொன்பது டன் காய் வாங்க வேண்டும். 95,000 ரூபாய். ஆண்டு லாபமே மூன்றே முக்கால் லட்சத்துக்குச் சற்று மேல்தான். நான்கில் ஒரு பங்கு போய்விடும். அவர் "போகட்டும்" என்கிறார், எனக்குப் பயமாக இருக்கிறது. பருப்புச் சோதனைச் செலவும் சேர்ந்தால் கையில் என்ன மிஞ்சும்?

விளம்பர_அருண்

பயப்படாதீர்கள் அக்கா, கொள்கைக்காகப் பெரிய தொகையை விட்டவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் சிவிஎஸ் என்ற மருந்துக் கடைச் சங்கிலி, ஆரோக்கியத்தை விற்கிற கடையில் சிகரெட் இருக்கக் கூடாது என்று 2014-ல் புகையிலையை நிறுத்தியது. ஆண்டுக்கு 200 கோடி டாலர் விற்பனையை விட்டார்கள்.

மாரியப்பன்_ஈரோடு

நல்ல உதாரணம், ஆனால் அளவைப் பாருங்கள். அப்போது அவர்கள் மொத்த விற்பனை 12,000 கோடி டாலருக்கு மேல். விட்டது இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. வலிக்கும், ஆனால் தாங்கும். கலாம்மா வீட்டில் லாபத்தில் கால்பங்கு. முதல் மோசமான ஆண்டிலேயே அந்தக் கொள்கையை உடைக்க வேண்டி வரும். ஊரில் எல்லோருக்கும் சொல்லிவிட்டு உடைத்தால், சொல்லாமலே இருந்திருப்பதைவிட மோசம்.

என் யோசனை, கொழுந்தனாருக்குத் தெரிந்த இரண்டு மூன்று விவசாயிகளிடம் இந்தப் போகத்தில் இரண்டு டன் காய் மட்டும் அப்படி வாங்கட்டும். 10,000 ரூபாய். காய்ந்த பதம் பார்த்து வாங்கினால் முதல் கொள்கைக்கும் அது உதவும். லேபிளில் வேண்டாம், யாரிடமும் பெருமையாகச் சொல்லவும் வேண்டாம்.

விலை ஏறுகிற ஆண்டையும் சோதித்துப் பாருங்கள். வெளியில் விலை ஏறி, உங்களிடம் பேசிவைத்த விவசாயி வேறு ஆளுக்குக் கொடுத்தால் கொழுந்தனார் அடுத்த ஆண்டும் ஐந்து ரூபாய் கூடுதலாகக் கொடுப்பாரா?

செக்கடி_கலா

அவரிடமே கேட்டேன். "கொடுப்பேன், அவருக்கும் கடன் இருக்கும்" என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் நிஜமாகவே கொடுப்பார் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் இரண்டு டன்னில் தொடங்குவதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. "பாதிக் கொள்கை என்று ஒன்று உண்டா" என்கிறார்.

முத்துலட்சுமி_மாடுவளர்ப்பு

அவர் பக்கம் எனக்கும் கொஞ்சம் சாய்வு உண்டு. 'எங்களால் தாங்காது' என்று வாங்குகிறவர்கள் சொல்லிச் சொல்லித்தான் எங்கள் பால் விலையும் ஏறாமலே இருக்கிறது.

மாரியப்பன்_ஈரோடு

அம்மா, நான் ஏழை வியாபாரி விவசாயிக்குக் கொடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. கடை மூடினால் அந்த விவசாயிக்கும் ஐந்து ரூபாய் இல்லை. ஆனால் நீங்கள் சொல்வதில் இருக்கும் கோபம் நியாயமானது. இதில் குடும்பத்தில்தான் பேசி முடிக்க வேண்டும், வெளியிலிருந்து நான் சொல்ல முடியாது.

செக்கடி_கலா

இப்போதைக்கு நிலவரம் இது. வடிவமைப்பாளர் தம்பியிடம் மூன்று கட்டம் வேண்டாம், ஒன்று போதும் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு வருத்தம், மூன்று இருந்தால்தான் பக்கம் அழகாக இருக்குமாம். பருப்பு வியாபாரியிடம் எண்பதுக்கு இருபது பேசினேன். மூன்று ரூபாய் கேட்கிறார், இரண்டரைக்கு வருவார் போலிருக்கிறது. அறிக்கை தவறிய சரக்கை அவர் எங்கே கொண்டுபோவார் என்று கேட்டதற்கு, "அது உங்களுக்கு எதற்கு" என்றார்.

முத்துலட்சுமி அக்கா, எங்கள் புண்ணாக்கை இனி அறிக்கையின் நகலோடு தருகிறோம். அதற்காக விலையை ஏற்றமாட்டோம். உங்கள் சங்கத்தில் யாருக்காவது வேண்டுமா?

முத்துலட்சுமி_மாடுவளர்ப்பு

வேண்டும். மாதம் நூறு கிலோ எனக்கே எடுத்து வையுங்கள். சங்கத்தில் வியாழக்கிழமை கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.